பச்சைப் புடவைக்குப் பின்னால் வாழையிலை

கேள்வி: கல்யாணப் படத்தில் பச்சைப் பட்டுப் புடவையை அரக்கு நிறமாக்கச் சொல்கிறார்கள். பின்னால் வாழைமரம், மாவிலைத் தோரணம். போட்டோஷாப்பில் Select Subject அழுத்தினால் வேலை முடியாதா?

பதில்: அது ஆளைப் பிடிக்கும், புடவையைத் தனியே பிடிக்காது. முகம், கை, கூந்தல் எல்லாம் சேர்ந்து வரும். Object Selection Tool எடுத்துப் புடவையைச் சுற்றிக் கட்டம் போடுங்கள். பெரும்பாலும் துணி மட்டும் கிடைக்கும். ஆனால் முந்தானைப் பச்சை வாழையிலைப் பச்சையைத் தொடும் இடத்தில் அது ஊகிக்கத்தான் செய்கிறது. அதை முதல் வரைவாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தப்பு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அந்தச் செலக்‌ஷன் இருக்கும்போதே Hue/Saturation லேயர் போடுங்கள், அது மாஸ்க்காகிவிடும். Alt அழுத்தியபடி மாஸ்க் சிறுபடத்தைக் கிளிக் செய்யுங்கள், மாஸ்க் கறுப்பு வெள்ளையில் முழுத்திரையாக வரும். புடவைக்குள் சாம்பல் திட்டு தெரிந்தால் அங்கே அரக்கு பாதிதான் ஏறும். வெளியே வெள்ளைத் திட்டு இருந்தால் வாழையிலை சிவக்கும்.

கேள்வி: பேசாமல் பென் டூலால் முழுப் புடவையையும் சுற்றி வந்துவிடலாமா?

பதில்: முழுவதும் வேண்டாம். தோள், இடுப்பு மடிப்பு, கொசுவத்தின் ஓரம் போன்ற கூர்மையான விளிம்புகளுக்குத்தான் பாத் சிறந்தது. அங்கே நிறம் ஒன்றாக இருந்தாலும் கோடு எங்கே போகிறது என்று உங்கள் கண்ணுக்குத் தெரியும். புள்ளிகளை வளைவு திரும்பும் இடத்தில் மட்டும் வையுங்கள்; நிறைய வைத்தால் விளிம்பு நெளியும். பின் Make Selection-இல் Feather 0.5 பிக்சல்.

ஒன்றை மறக்காதீர்கள். ஆளை வெட்டியெடுக்கும்போது பாத்தை விளிம்புக்குச் சற்று உள்ளே போடுவது வழக்கம். நிறம் மாற்றும்போது அப்படிச் செய்தால் பழைய பச்சை ஒரு கோடாக மிஞ்சும். இலைக்கு எதிரே அது தெரியாது. தோலுக்கு எதிரே பளிச்சென்று தெரியும். ஆகவே விளிம்பின் மேலேயே போங்கள்.

கேள்வி: தோளில் விழும் கூந்தல், போகஸ் இல்லாத முந்தானை நுனி?

பதில்: இரண்டுமே பிரஷ் வேலை. மங்கலான நுனியில் பாத் போட்டால் கத்தரித்து ஒட்டியதுபோல் இருக்கும். அங்கே மட்டும் பாத்தைத் தாராளமாக வெளியே தள்ளுங்கள். பாத்தில் கிடைத்த செலக்‌ஷனை ஒரு குரூப்பின் மாஸ்க்காக வையுங்கள். Hue/Saturation லேயரைக் குரூப்புக்குள் போட்டு, அதன் மாஸ்க்கில் பிரஷ் அடியுங்கள். கூரிய விளிம்பில் பிரஷ் தாறுமாறாகப் போனாலும் குரூப் மாஸ்க் தடுத்துவிடும். மங்கிய நுனியில் பிரஷ்ஷின் மென்மை படத்தின் மங்கலோடு ஒத்துப்போக வேண்டும். கூந்தலுக்குக் கறுப்பு நிறத்தில் சிறிய பிரஷ், குறைந்த Flow. முடி போகும் திசையிலேயே இழுங்கள்.

கேள்வி: ஜரிகையும் நிறம் மாறுகிறதே?

பதில்: Hue/Saturation பட்டியலில் Master-ஐ விட்டு Greens தேர்ந்தெடுங்கள். தங்கம் பெரும்பாலும் தப்பிக்கும். பச்சை நிழல் படிந்த ஜரிகையை மட்டும் பிரஷ்ஷால் மீட்டெடுங்கள்.