மதிப்பெண் பட்டியலும் முதல் மறுமொழியும்: ஒரு சிற்றாய்வு

ஆய்வுக்களம், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு. உறுப்பினர் 47 பேர். அவருள் பேசுவோர் 6, பூங்கொத்து மட்டும் அனுப்புவோர் 41. ஆய்வுப்பொருள், மாமா அனுப்பிய ஒரு படம்: மகள் கயல்விழியின் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல். ஓரத்தில் சாம்பார் கரண்டி தெரிவதால், எடுக்கப்பட்ட காலம் நண்பகல் என்பது பெறப்படும்.

படத்தில் எல்லோரும் கண்டது 600க்கு 571. ஒருவரும் காணாமல் கண்ணெதிரே கிடந்தவை பதிவு எண்ணும் பிறந்த தேதியும். தேர்வு முடிவு பார்க்கும் இணையதளம் கேட்பவை இவ்விரண்டே. முன்னது கதவு எண், பின்னது சாவி என்க.

மார்க்தான் ஊருக்கே தெரியுமே, இதிலென்ன என்பாரும் உளர். அவர்க்கு மறுப்பு: பதிவிறக்கிய இ-ஆதார் கோப்பின் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும். கயலுக்கு அது KAYA2007. பிரிண்ட் எடுக்கப் போன கடைக் கணினியில் அந்தக் கோப்பு தங்கியிருந்தால், திறக்கும் வழியை மாமா ஏற்கெனவே விநியோகித்துவிட்டார். உதவித்தொகை வந்திருப்பதாகப் போன் செய்பவன் பள்ளியையும் வேதியியல் மார்க்கையும் சரியாகச் சொன்னால், நம்பாமலிருக்க அத்தைக்குக் காரணமே இல்லை. வங்கிக் கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். பிறந்த தேதியை மாற்ற மறுபடி பிறக்க வேண்டும்.

இனி முதல் மறுமொழி. முன்னொரு சமயம் இதே மாமா ஆதார் அட்டையைப் போட்டபோது, சித்தப்பா குழுவிலேயே "அறிவிருக்கா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். மாமா குழுவைவிட்டு வெளியேறினார். படம் உள்ளேயே இருந்தது. அவர் அனுப்பியதை அவர்தானே எல்லோருக்குமாக அழிக்க முடியும், அல்லது அட்மின், வெளியேறும்வரை அட்மினும் அவரே.

ஆகவே நான் தனியாக எழுதினேன்: "மாமா, கயல் அசத்திட்டா! அந்தப் படத்துல ரிஜிஸ்டர் நம்பரும் பிறந்த தேதியும் தெரியுது. அதை அழிச்சிட்டு, மார்க் இருக்கற பகுதியை மட்டும் வெட்டிப் போடுங்களேன்." பாராட்டு முன்னும் பிழை பின்னும் வருவதே முறை. மாற்றிச் சொன்னால் பாராட்டு சமாதானம்போல் ஒலிக்கும்.

மாமா உடனே அழித்தார். கேலரியில் யாரேனும் சேமித்திருந்தால் அது அவர் கைக்கு எட்டாது. பிறகு எண்களின்மேல் போனிலிருந்த ஹைலைட்டரால் மஞ்சள் பூசி மறுபடி போட்டார். பரீட்சைக்குக் கோடிட்ட வரிபோல் அவை முன்னிலும் பளிச்சென்றன. மீண்டும் தனிச்செய்தி, மீண்டும் "கயல் அசத்திட்டா". மூன்றாம் படத்தில் மார்க் மட்டும் இருந்தது, கரண்டியும் போயிற்று.

அதற்குள் பெரியம்மா குழுவில் எழுதினார்: "சரியா தெரியலைடா தம்பி. ரிஜிஸ்டர் நம்பரும் டேட் ஆஃப் பர்த்தும் அனுப்பு, நானே நெட்ல பாத்துக்கறேன்."

மாமா டைப் செய்துகொண்டிருப்பதாக மேலே காட்டியது.