முதலாளிக்குப் பிறந்தநாள்: ஐஸும் வேண்டாம், முறைப்பும் வேண்டாம்

கேள்வி: எங்கள் முதலாளிக்கு அடுத்த வாரம் 60 நிறைகிறது. பட்டுச்சேலை உற்பத்தி செய்கிறார். தறியிலிருந்து வரும் சேலைகளைச் சரிபார்த்து வாங்குவது என் வேலை. ஒரு இழை பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவார். வாழ்த்து அட்டையில் என்ன எழுதினால் காக்கா பிடிப்பதாகவும் தெரியாது, கடனுக்கு எழுதியதாகவும் தெரியாது? (பெயர் வேண்டாம், முதலாளியும் இதைப் படிக்கிறார் – ஒரு வாசகர், முசரவாக்கம்)

பதில்: படிக்கிறார் என்றால் அட்டைச் செலவு மிச்சம்! ஆனாலும் எழுதுங்கள். "பட்டுலகின் சக்கரவர்த்தியே" என்று தொடங்கினால், போலிச் சரிகையைத் தொட்டுப் பார்த்தே கண்டுபிடிக்கிறவருக்கு உங்கள் வார்த்தையைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? "பிறந்தநாள் வாழ்த்துகள், இப்படிக்கு ஊழியர்" என்றால் அது மின்கட்டண ரசீது மாதிரி இருக்கும்.

அவரைப் பற்றி ஒரு பெருமைச் சொல்லும் போடாதீர்கள். அவர் செய்த ஒரு காரியத்தையும், அதனால் உங்கள் கையில் மாறிய ஒரு பழக்கத்தையும் எழுதுங்கள். உங்கள் வேலையிலேயே அதற்கு இடம் இருக்கிறது. கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். தனித்தனி நாடா, பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளித்தர இன்னொரு ஆள். இரண்டும் பூட்டிக்கொள்ளும் அந்தக் கோட்டில் ஊடை தளர்ந்தால், சேலையை வெளிச்சத்தில் பிடிக்கும்போது இடைவெளி தெரியும். உங்கள் முதலாளி திருப்பி அனுப்பியதில் ஒன்றாவது இதற்காக இருக்கும். அப்படியானால் இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு, வணக்கம். கோர்வை தளர்ந்திருக்கிறது என்று ஆடி மாதம் நீங்கள் திருப்பி அனுப்பிய சேலை நினைவிருக்கிறது. அன்றிலிருந்து கரை முழுவதையும் வெளிச்சத்தில் பார்த்து, விரலால் தடவிய பிறகே சேலையை வாங்குகிறேன். 60 நிறையும் இந்த நாளில் நீங்களும் வீட்டில் அனைவரும் உடல்நலத்தோடு இருக்க வேண்டுகிறேன்."

இதில் புகழ்ச்சி எங்கே என்று தேடினால் கிடைக்காது. ஆனால் அவருடைய கண்டிப்பு வீண்போகவில்லை என்பது அவருக்குப் புரிந்துவிடும். "அன்று எனக்குக் கோபமும் வந்தது" என்று சேர்க்கத் தோன்றும். உண்மைதான், ஆனால் அதைக் கணக்கு முடித்து விலகும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எழுதியதும் முதலாளியின் பெயரை எடுத்துவிட்டு ஒரு ஜவுளிக்கடைக்காரர் பெயரைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் பொருந்தினால் கிழித்துவிட்டு வேறு எழுதுங்கள்.

கேள்வி: "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்" என்று போட்டால்?

பதில்: அறிஞர் அண்ணா பிறந்த ஊர்க்காரருக்கு இதை நான் சொல்ல வேண்டுமா? செப்டம்பர் 15 வந்தால் காஞ்சிபுரத்துச் சுவர்களைப் பாருங்கள். அந்த வாசகம் மேடைக்கும் சுவரொட்டிக்கும் சரி. சனிக்கிழமை உங்கள் கூலிக் கணக்கைப் பார்க்கிறவரிடம் சொன்னால், "வயதில்லையா? போன வாரம்தான் கூலி உயர்வுக்கு அனுபவத்தைக் கணக்குச் சொன்னாயே" என்பார்.

கேள்வி: அட்டைக்குப் பதில் காமாட்சியம்மன் கோயிலில் அவர் பேருக்கு அர்ச்சனை செய்து குங்குமம் கொடுக்கலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் அர்ச்சகர் பெயரோடு நட்சத்திரமும் கேட்பார். அதை வீட்டில் விசாரிக்கும்போதே இன்னொன்றையும் கேளுங்கள்: அவர் பிறந்தநாள் வைத்துக்கொள்வது ஆங்கிலத் தேதியிலா, தமிழ் மாத நட்சத்திரத்திலா? இரண்டும் ஒரே நாளில் வருவது அபூர்வம். 60 நிறைவில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அவர் பிறந்த தமிழ் வருடத்தின் பெயரே சுற்றித் திரும்பி வரும் ஆண்டு அது. சாந்தி ஹோமம், அறுபதாம் கல்யாணம் எல்லாம் நட்சத்திரம் பார்த்தே நடக்கும். பொட்டலத்தைக் கொடுத்து "உங்கள் பேருக்கு அர்ச்சனை" என்பதோடு நிறுத்துங்கள். டிக்கெட்டையும் சேர்த்து நீட்டினால் அது பில்!

கேள்வி: பண்டிகைக்கு முன்பணம் வேண்டும். வாழ்த்தும்போது லேசாகச் சொல்லலாமா? (அதே வாசகர்)

பதில்: அப்படியா சேதி! கூடாது. தறிக்காரர் முதலாளியிடம் முன்பணம் வாங்குவது இந்த ஊரில் பழைய வழக்கம்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதே மூச்சில் கேட்டால் கோர்வை பற்றி நீங்கள் எழுதிய உண்மையும் பொய்யாகிவிடும். ஒரு வாரம் முன்னால் கேளுங்கள், அல்லது ஒரு வாரம் கழித்து.

கேள்வி: வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் கேக் படம் போடுகிறார்கள். நானும்?

பதில்: போடுங்கள், போடாதவர் பெயர்தான் தனியாகத் தெரியும். கோர்வை விஷயத்தைக் குழுவில் போடாதீர்கள். அந்தச் சேலையை நெய்தவரும் அங்கே இருப்பார். அது முதலாளிக்கு மட்டும் போகட்டும், காலையில் பாவு, பட்டு எடைபோடும் பரபரப்புக்கு முன்னால், கையால் எழுதி. பதிலுக்கு அவர் கட்டைவிரல் மட்டும் காட்டினால் கவலை வேண்டாம். திருப்பி அனுப்பவில்லை அல்லவா?