நம்மாள் இங்கிலீஷ் பேசுகிறார்

காலையில் பாலக்கோடு தக்காளி மண்டியில் நம்மாளைப் பார்க்க வேண்டும். வேலை கிடைக்கும்வரை மாமாவின் கடையில் கணக்கெழுதுகிறார். ஆந்திர வியாபாரியிடம் தெலுங்கில் விலை பேசுவார். கர்நாடக லாரி டிரைவரிடம் கன்னடத்தில் வாடகையைக் குறைப்பார். இரண்டுக்கும் இலக்கணப் புத்தகம் வாங்கியதில்லை. தப்பாகப் பேசினால் எதிராளி சிரிப்பார், இவரும் சிரிப்பார், சரக்கு ஏறிவிடும். அதே ஆளிடம் ஓசூர் கம்பெனியில் "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்றால், தன்னைப் பற்றிய தகவலுக்குத் தன் ரெஸ்யூமையே புரட்டுகிறார்.

நம்மாள் ஒருவரல்ல. தருமபுரி – ஓசூர் பஸ்ஸில் சீட்டுக்கு ஒருவர் இருப்பார். பட்டம் உண்டு, முப்பது வயதைத் தாண்டிவிட்டாரா என்று கேட்கக் கூடாது. இங்கிலீஷ் தெரியாதவர் என்றும் சொல்ல முடியாது. அடுத்தவர் பேச்சில் 'ஹேவ்' வரவேண்டிய இடத்தில் 'ஹேஸ்' வந்தால் முகம் சுளிப்பார். அதுதான் சங்கடமே. பரீட்சைக்குப் படித்த மொழி என்பதால், வாய் திறக்குமுன் உள்ளே ஒரு வாத்தியார் சிவப்பு மையோடு உட்கார்ந்துவிடுகிறார். தெலுங்குக்கு அப்படியொரு வாத்தியார் இல்லை.

ஆகவே செல்போனில் டுவோலிங்கோ ஏற்றினார். பச்சை ஆந்தை தினமும் கூப்பிட்டது. மாதக்கணக்கில் ஒரு நாள் விடாமல் பாடம் முடித்து, அந்தத் தொடர்க் கணக்கை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார். ஊரே மெச்சியது. யாரும் கவனிக்காத சங்கதி ஒன்று உண்டு: மைக்கில் பேசச் சொல்லும் கேள்வி வந்தால், கீழே CAN'T SPEAK NOW என்று ஒரு பட்டன் இருக்கும். தட்டினால் கொஞ்ச நேரத்துக்குப் பேச்சுக் கேள்வியே வராது. பஸ்ஸில் போகிறவருக்காக வைத்தது. நம்மாள் நடு வயலில் தனியாக நிற்கும்போதும் அதைத் தட்டினார். மிச்சமிருந்தது சிதறிய சொற்களை அடுக்குவதும் விடையைத் தொடுவதும். முன்னால் கிடக்கும் சொல்லை அடையாளம் காண்பது ஒரு வேலை. ஒன்றுமில்லாத இடத்தில் சொல்லைத் தேடி நாக்குக்குக் கொண்டுவருவது வேறு வேலை. அவர் முதல் வேலையில் தங்கப்பதக்கம் வாங்கிக்கொண்டிருந்தார்.

பெங்களூரில் இருக்கும் நண்பர் ஒருவர் ஆன்லைனில் கூடும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்புக்கு விருந்தாளியாக இழுத்துவிட்டார். 1924-ல் கலிபோர்னியாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய பேச்சு மன்றம் அது. அங்கே ஆளுக்கொரு உத்தியோகம். ஒருவர் நேரம் பார்ப்பார். இன்னொருவருக்கு 'ஆ-கவுண்டர்' என்று பெயர். 'ஆ', 'உம்' என்று இழுப்பதையெல்லாம் எண்ணிக் கடைசியில் கணக்கு ஒப்பிப்பார். 'டேபிள் டாபிக்ஸ்' என்ற பகுதியில் முதலில் கேள்வியைச் சொல்லிவிட்டு, பிறகுதான் ஆளைக் கூப்பிடுவார்கள். அதனால் அத்தனை பேரும் மனசுக்குள் பதில் தேட வேண்டியதாகிறது. கூப்பிடப்பட்டவர் ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் பேசலாம். ஒரு நிமிடத்தில் பச்சை, ஒன்றரையில் மஞ்சள், இரண்டில் சிவப்பு.

நம்மாள் கேமராவை அணைத்து, மைக்கை அணைத்து, அறை விளக்கையும் அணைத்தார். விருந்தாளிகள் பேசியே ஆகவேண்டிய கட்டாயமில்லை என்றதும் அந்தச் சலுகையைப் பல வாரம் அனுபவித்தார்.

நண்பர் அதற்கும் ஒரு வைத்தியம் சொன்னார். நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷன் எழுதிப் பரவலான 4-3-2 பயிற்சி: ஒரே விஷயத்தை ஒருவரிடம் 4 நிமிடம், அதையே அடுத்தவரிடம் 3 நிமிடம், மூன்றாமவரிடம் 2 நிமிடம் சொல்வது. விஷயம் மாறாததால் 'என்ன பேச' என்ற தேடல் இல்லை. நேரம் சுருங்குவதால் வாத்தியாருக்குச் சிவப்பு மையைத் தொட அவகாசமில்லை. புதுச் சொல் சேராது, தப்பும் தானாகத் திருந்திவிடாது. நாக்கு மட்டும் ஓடப் பழகும். கேட்பவர் புதிதாக இருக்க வேண்டும் என்பது விதி. வீட்டில் கிடைத்தவர்கள் பாட்டி, தென்னைக்குத் தண்ணீர் கட்டும் சித்தப்பா, எருமை. மண்டியைப் பற்றிய பேச்சைப் பாட்டி நாலு நிமிடமும் தலையாட்டிக் கேட்டு, "கல்யாணத்தப் பத்தித்தானே பேசற?" என்றார். எருமை இரண்டு நிமிடமும் நின்றதே பெரிது.

அடுத்த கூட்டத்தில் கேள்வி வந்தது: உங்கள் ஊருக்கு வரும் விருந்தாளியை முதலில் எங்கே அழைத்துப் போவீர்கள்? நம்மாள் மைக்கைத் திறந்தார். கிரேடு, ஏலம், மழை பெய்தால் ஏறும் விலை, கொட்டிவிட்டுப் போகும் விவசாயி என்று ஓடியது. 'ஹேஸ்' இரண்டு இடத்தில் தவறாக விழுந்தது, நின்று திருத்தவில்லை. மஞ்சள் அட்டையைக் கண்டு நிறுத்தினார்.

கடைசியில் ஆ-கவுண்டர் அம்மையார் கணக்குச் சொன்னார். மற்றவர்களுக்கெல்லாம் ஆறு, ஏழு 'ஆ'. நம்மாளுக்கு வந்ததும் சற்றுத் தயங்கினார். 'ஆ' மூன்றுதானாம், 'உம்' இல்லையாம். ஆனால் ஒன்பது தடவை வந்த 'அப்புறம்' என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?