சொல்லிவிட்டு அமுக்க வேண்டிய பட்டன்

எங்கள் கம்பெனியின் உள்வேலை போர்ட்டலில் ‘அப்ளை’ என்றொரு பட்டன் உண்டு. அமுக்கினால் விண்ணப்பம் போகும். கூடவே நம் மேனேஜருக்குத் தானாகவே ஒரு மெயிலும் போகும். இந்த இரண்டாவது சங்கதியைப் பட்டன் பக்கத்தில் எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. பாலிசி ஆவணத்தின் நடுவில், ஒருவரும் படிக்காத பத்தியில் இருக்கிறது. பக்கத்து டீம் தம்பி ஒருவன் வெள்ளிக்கிழமை ராத்திரி அமுக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கினான். சனிக்கிழமை காலையில் அவனுடைய மேனேஜர் போன் செய்தார். “ஏம்ப்பா, நீ போறதைக் கம்ப்யூட்டர் வந்து சொல்லணுமா?”

மெயில் போகாத கம்பெனியிலும் தப்ப முடியாது. பெண் கொடுப்பவர்கள் மாப்பிள்ளையின் பக்கத்து வீட்டில் விசாரிப்பதுபோல, ஆள் எடுக்கிற மேனேஜர் முதலில் நம் மேனேஜரைத்தான் கூப்பிடுவார். இருவரும் ஒரே கேன்டீனில் சாப்பிடுகிறவர்கள். ஆக, விஷயம் அவர் காதுக்குப் போகுமா என்பதல்ல, யார் வாயிலிருந்து போகும் என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

அதற்காக ஆசை வந்த அன்றே ஓடிப்போய்ச் சொல்வதும் ஆபத்து. முதலில் நமக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் கம்பெனி விதிப்படி இப்போதைய வேலையில் 18 மாதம் முடிந்திருக்க வேண்டும், போன வருஷ ரேட்டிங் ரொம்ப அடிமட்டமாக இருக்கக் கூடாது. அடுத்து, அந்த இடம் நிஜமாகவே காலியா என்று அந்த டீமில் ஒரு காபி செலவில் கேட்டுக்கொள்ள வேண்டும். சில வேலைகளுக்கு ஆளை முடிவுசெய்த பிறகுதான், சம்பிரதாயத்துக்காக விளம்பரம் வரும். அதை நம்பி மேனேஜரிடம் சொன்னால் புது வேலை கிடைக்காது, பழைய வேலையில் “போகப்போற ஆளு” என்ற பட்டம் மட்டும் மிஞ்சும். அப்ரைசல் சமயத்திலோ அது பெரிய பட்டம். மேனேஜர்கள் அறைக்குள் உட்கார்ந்து ரேட்டிங்கைப் பங்கு பிரிக்கும் வாரத்தில், போகிறவருக்கு நல்ல ரேட்டிங் கொடுக்க எந்த மேனேஜருக்கும் மனசு வராது. நான் ரேட்டிங் கடிதம் கையில் வரும்வரை வாயைத் திறக்கவில்லை.

திறந்தபோது, “அப்ளை பண்ணட்டுமா சார்?” என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் “இப்ப வேண்டாம்மா” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். “டேட்டா டீம்ல ஒரு ஓப்பனிங் சார். புதன்கிழமை அப்ளை பண்றேன். மெயில் வர்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடணும்னு வந்தேன்” என்றேன்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். “டீம்ல யாராச்சும் ஏதாவது சொன்னாங்களா?”

“இல்ல சார்.”

“ஷிப்ட் பிரச்சினையா?”

மூன்று வருஷமாக நான் அமெரிக்க பேங்க் ஒன்றின் சர்வருக்கு ராத்திரி முழுக்கக் காவல் இருக்கிறேன். அது பிரச்சினை என்று அவருக்கு அன்றைக்குத்தான் தோன்றியது. கூடவே, இதுவரை யார் கண்ணிலும் படாத ஒரு ஆன்சைட் வாய்ப்பு மேஜைக்கு அடியிலிருந்து எழுந்து வந்தது. “உன்னைத்தாம்மா மனசுல வச்சிருந்தேன்.” எந்த மாசம், விசா யார் போடுவார்கள் என்று கேட்டேன். எழுந்த வேகத்திலேயே ஆன்சைட் உட்கார்ந்துகொண்டது.

நான் கேட்க வேண்டியது வேறொன்று: செலக்ட் ஆனால் எப்போது விடுவீர்கள்? உள்மாற்றங்கள் பெரும்பாலும் இன்டர்வியூவில் தோற்பதில்லை, ரிலீஸில்தான் தோற்கின்றன. “பேக்ஃபில் வந்ததும் அனுப்பறேன்” என்பார்கள். நம் இடத்துக்கு ஆள் வந்து, வேலை பழகி, கிளையன்ட் ஒப்புக்கொள்வதற்குள் அந்தப் பக்கத்துக்காரர்கள் காத்திருந்து சலித்து வேறு ஆளை எடுத்துவிடுவார்கள். எங்கள் பாலிசியில் அதிகபட்சம் 60 நாள் என்று இருக்கிறது. அதைச் சொன்னதும் சார், “பாலிசியெல்லாம் படிக்கிறியா?” என்றார், ஏதோ கெட்ட பழக்கத்தைக் கண்டுபிடித்த மாதிரி. பிறகு, “சரி, 60 நாள்” என்றார்.

அன்று சாயங்காலமே இரண்டு வரி மெயில் போட்டேன்: பேசியதற்கு நன்றி, புதன்கிழமை விண்ணப்பிக்கிறேன், தேர்வானால் 60 நாளில் விடுவிப்பதாகச் சொன்னீர்கள். புலம்பலோ காரணமோ அதில் இல்லை. பிற்பாடு யாருக்காவது மறதி வந்தால் அந்த மெயில் ஞாபகப்படுத்தும்.

எல்லா மேனேஜரிடமும் இந்த வித்தை பலிக்காது. லீவு கேட்டாலே துரோகம் என்று எடுத்துக்கொள்கிறவர் இருக்கிறார். அவரிடம் வேலை பார்ப்பவர்கள் பாலிசியை இன்னும் உன்னிப்பாகப் படிக்க வேண்டும். சில இடங்களில் இன்டர்வியூவுக்குத் தேர்வான பிறகுதான் மெயில் போகும். அங்கே அதுவரை பொறுத்து, மெயிலுக்கு ஒரு நாள் முன்னால் சொன்னால் போதும்.

புதன்கிழமை பட்டனை அமுக்கினேன். இன்டர்வியூவுக்கு இன்னும் கூப்பிடவில்லை. ஆனால் சாரிடமிருந்து மீட்டிங் அழைப்பு வந்துவிட்டது: தினமும் மாலை 4 மணிக்கு, என் வேலை முழுவதையும் புதுப் பையனுக்குச் சொல்லித்தர.