பொரி வேண்டாம்னு சொல்றதுக்கும் ஒரு பக்குவம் இருக்குடா பேராண்டி

வாய்யா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. நாரணாபுரத்துல பரலோகத்துக்கு டிக்கெட் கிழிக்கிற வேலை உனக்குக் கெடச்சிருக்குன்னு கேள்விப்பட்டேன். ஞாயித்துக்கிழமை வாலிபர் கூட்டத்துல 'அஞ்சாம சாட்சி சொல்லணும்'னு பாடம் எடுத்தாகளாம். திங்கக்கிழமை காலையில நீ டீக்கடையில மேலத்தெருப் பெரியவரை மடக்கி, அவரு கும்பிடுற சாமிக்குக் காது கேக்குமா கண்ணு தெரியுமான்னு விசாரணை வச்சியாமே. அவரு பதிலே பேசாமக் காசை வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. நீ வீட்டுக்கு வந்து, 'தாத்தா, வாயடைச்சுட்டேன்'ங்கிற. அடைச்சது அவரு வாயை இல்லப்பா, காதை. இனிமே நீ சுவிசேஷமே சொன்னாலும் அந்தக் காதுக்குள்ள போகாது.

உன் தம்பி அதுக்கு மேல. போன ஆயுத பூசைக்குப் பட்டாசு ஆபீஸ்ல போர்மேன் நெத்தியில குங்குமம் வைக்க வந்தா, தலையைக் குனிஞ்சு வாங்கிக்கிட்டான். சாமி எல்லாம் ஒண்ணுதான் அண்ணாச்சின்னு ஒரு வசனமும் பேசினான். அப்புறம் தண்ணித் தொட்டிக்குப் பின்னால போயி முழங்கையால அழுத்தித் தொடைச்சான். கூட வேலை பார்க்குற மதினிமாரு ரெண்டு பேரு அதையும் பார்த்துட்டாக. நீ பெரியவரைத் திட்டுன, அவன் போர்மேனை ஏமாத்துனான். எனக்கு வாய்ச்ச பேரன்மாரு ரெண்டு பேரும் ரெண்டு முத்து.

மருந்து ரூமுக்குள்ள எப்படி நடக்கணும்னு உனக்கு நான் சொல்லணுமா? செருப்பைக் கழட்டிப் போடுற, இரும்புச் சாமான் கொண்டுபோக மாட்ட, தட்ட மாட்ட, உரச மாட்ட. வேலையை மட்டும் நிறுத்துறதில்ல. பக்கத்து வீட்டுக்காரன் சாமியைப் பத்திப் பேசுறப்பவும் அந்த நடைதான். உரசாமயும் இருக்கணும், வேலையையும் விடக் கூடாது.

சரி, இந்த வருசமும் தீபாவளிக்கு மூணு வாரத்துக்கு முன்னால ஆயுத பூசை வரத்தான் போகுது. அதை வச்சே பாடம் படிப்போம். அன்னைக்கு என்னென்ன நடக்கும்? ரூமெல்லாம் கழுவி, தராசு, கத்தி, மிசினு எல்லாத்தையும் தொடைச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, வாழைக்கன்னு கட்டி, பூசணிக்காய் சுத்திப் போட்டு, சூடம் காட்டுவாக. அப்புறம் ஆளுக்கொரு பொட்டலம் பொரிகடலை. அதோட ஸ்வீட் பாக்கெட்டு, சில எடத்துல போனசுக் கவரு. இதுல எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாதுன்னு தட்டு உன் மூக்குக்கு நேரா வந்தப்புறம் யோசிச்சா மூஞ்சி கோணத்தான் செய்யும். அதனால முந்தின வாரமே வீட்டுல உக்காந்து முடிவு பண்ணணும்.

முடிவுக்கு வழி வேணும்னா, பவுல் கொரிந்து சபைக்கு எழுதின முதல் கடிதத்துல எட்டாம் அதிகாரத்தையும் பத்தாம் அதிகாரத்தையும் நிதானமா வாசி. கொரிந்து கிரேக்கப் பட்டணம். கோயில்ல படைச்ச கறி கடைக்கும் விலைக்கு வரும், விருந்துலயும் பரிமாறுவாக. அங்க இருந்த விசுவாசிகளுக்கும் உன் தலைவலிதான். அவரு சொன்ன யோசனையை என் பாஷையில சொல்றேன். கடையில விக்கிறதைத் துருவிக் கேக்காம வாங்கிக்கோ. ஒருத்தரு விருந்துக்குக் கூப்பிட்டுப் போக மனசு இருந்தா, போயி வச்சதைச் சாப்பிடு. 'இது படைச்சது'ன்னு ஒருத்தரு எடுத்துச் சொல்லிட்டா, அந்தச் சொன்ன ஆளுக்காக விட்டுரு. பூசைப் பந்தியில மட்டும் பங்காளியா உக்காராதே. இவ்வளவுதான். இதுல எங்கயாச்சும் இலையைத் தள்ளிவிட்டுட்டு வீட்டுக்காரருக்குப் பிரசங்கம் வையின்னு இருக்கா? நான் கண்ணாடி போட்டும் தேடிட்டேன், இல்ல.

இதை நம்ம ஆபீசுக்குக் கொண்டு வா. மிசினைத் தொடைக்கிறது வேலை, அதைச் செய்யி. போனசு உன் கூலி, அது பூசைக்கு அப்புறம் வந்தாலும் கூலிதான், ரெண்டு கையாலயும் வாங்கு. மொதலாளி மிட்டாய்க் கடையில வாங்கிக் கொடுத்த ஸ்வீட்டைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலைன்னா அதுவும் சரி. சாமிக்கு முன்னால வச்சு எடுத்த பொரின்னு சொல்லிக் கொடுத்தா, அது உனக்கு வேண்டாம். இதுலயும் நம்ம வீட்டுக்குள்ளயே ஒத்த கருத்து இல்ல. உங்க அத்தை பொரியை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துருவா. உங்க சித்தப்பா ஸ்வீட்டைக் கூடத் தொட மாட்டாரு. ரெண்டு பேரும் ஒரே வேதக்கோயில்ல ஒரே பெஞ்சுலதான் உக்காருறாக. ஒருத்தரு மனசாட்சியை வச்சு இன்னொருத்தரை நிறுக்காதீகன்னும் அதே பவுல்தான் சொல்லியிருக்காரு.

அடுத்தது, எப்பச் சொல்றது. நாலு பேரு பார்க்கத் தட்டு நீட்டுறப்ப வேண்டாம்னு சொன்னா, நீட்டுன கைக்கு அவமானம். முந்தின நாளு சாயங்காலம், வேலை முடிஞ்சு போர்மேன் தனியா நிக்கிறப்பப் போயிச் சொல்லு: "அண்ணாச்சி, நாளைக்குக் கழுவுறது, தொடைக்கிறது, எல்லாத்துக்கும் நான் முந்தி வந்துருவேன். சூடம் காட்டுறப்ப மட்டும் ஒதுங்கி நிக்கேன், பொரியும் எனக்கு வேண்டாம். என் வேதத்துல எனக்கு அது விலக்கு. உங்க மேல ஒரு வருத்தமும் இல்ல, நீங்களும் தப்பா எடுத்துக்கிடாதீக." அதுல 'எனக்கு', 'என்'னு எத்தனை தரம் வந்துச்சு பாரு. 'உங்க சாமி'ங்கிற பேச்சே வரல. வேண்டாம்னு சொல்றதுனால யாரும் பகையாகிறதில்ல. வேண்டாங்கிறதுக்கு வால் மாதிரி அடுத்தவுக சாமியைப் பத்தி ஒண்ணு ஒட்டுற பாரு, அதுலதான் வினை. அப்படிச் சொல்லிட்டு மறுநாளு நிசமாவே முந்திப் போயி நிக்கணும். கழுவுற நேரத்துல காணாமப் போயிட்டு, சூடம் காட்டி முடிச்சதும் போனசு வரிசையில மொத ஆளா நின்னேன்னா, உன் விசுவாசத்துக்கு ஊருல வேற பேரு வச்சுருவாக.

போர்மேன் விட்டுருவாரா? "ஏம்ப்பா, எங்க சாமின்னா உனக்குத் தீட்டா?"ம்பாரு. அது வருத்தத்துல வந்த கேள்வி, பதிலும் வருத்தத்துக்குத்தான் சொல்லணும்: "தீட்டுன்னு இல்ல அண்ணாச்சி. உங்க வீட்டுச் சாப்பாட்டை எத்தனை நாளு பங்கு போட்டுத் தின்னிருக்கேன். கும்பிடுறதை மட்டும் நான் ஒருத்தருக்குத்தான்னு வச்சுட்டேன்." இன்னொருத்தரு, "எல்லாச் சாமியும் ஒண்ணுதானப்பா"ம்பாரு. ஆமான்னு தலையாட்டாதே, நீ அப்படி நெனைக்கலையே. இல்லைன்னு கச்சேரியும் வைக்காதே. "நீங்க பெரிய மனசோட சொல்றீக. எனக்கு அப்படித் தோணல அண்ணாச்சி, ஆனா நீங்க கும்பிடுறதை நான் கேலி பண்ண மாட்டேன்"னு சொல்லி நிறுத்து. நிறுத்துறதுதான் கஷ்டம், தெரியும். உங்க பரம்பரைக்கே வாயில பிரேக்கு கிடையாது.

பேச்சு சண்டையாகப் போகுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அவரு பேசிக்கிட்டு இருக்கையிலேயே உன் மனசு பதிலை அடுக்குதா, அப்ப நீ கேக்கலைன்னு அர்த்தம். நீ பேசுறது எல்லாம் 'உங்க'ன்னே ஆரம்பிக்குதா, அது ரெண்டாவது. சும்மா போன ஆளு வேடிக்கை பார்க்க நின்னுட்டானா, முடிஞ்சுது. அதுக்கப்புறம் நீங்க ரெண்டு பேரும் பேசுறது அவனுக்காக. டீயைச் சொல்லிட்டு மழையைப் பத்திப் பேசு. என்னைக்காவது அவரே தனியா வந்து, "நீங்க எதுக்குப்பா ஞாயித்துக்கிழமை அப்பம் தின்னுறீக?"ன்னு கேட்டா, ஒளிக்காமச் சொல்லு. அப்பத்தைப் பத்திக் கேட்டா அப்பத்தை மட்டும் சொல்லு. ஆதியாகமத்துல ஆரம்பிச்சேன்னா அவரு செகண்ட் ஷிப்டுக்கும் போக முடியாது.

வாயை இப்படிக் கட்டிப்போட்டா விசுவாசம் கரைஞ்சிரும்னு நெனைக்கிறியா? யாழ்ப்பாணத்துல நடந்ததைக் கேளு. அங்க வெஸ்லியன் மிஷன்ல பெர்சிவல் பாதிரியாருன்னு ஒருத்தரு. பைபிளைத் தமிழாக்க அவரு தொணைக்கு வச்சுக்கிட்டது ஆறுமுகம்ங்கிற வாலிபரை, பின்னால ஆறுமுக நாவலர்னு பேரு வாங்குனவரு. அசல் சைவரு. நம்ம வேத புத்தகத்தை வருசக் கணக்கா வரி வரியாப் பார்த்துத் தமிழ்ல இறக்கினாரு, தன் சைவத்தை ஒரு இம்மி விடல. 1848ல அந்த வேலையை விட்டு விலகி, வண்ணார்பண்ணையில சைவப் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாரு. பின்னால சைவத்தைப் பழிச்சு எழுதுன மிஷனரிமாருக்கு மறுப்பா 1854ல ஒரு புத்தகமும் போட்டாரு, அதுல பைபிளை வச்சே மடக்குவாரு. அந்தப் புத்தகத்துல காரம் ஜாஸ்திதான். ஆனா அது எழுத்துக்கு எழுத்து. எழுதுனவுகளுக்கு எழுதுன பதிலு. மேலத்தெருப் பெரியவரு உன்மேல என்ன புத்தகம் எழுதுனாரு?

பெர்சிவல் என்ன செஞ்சாருங்கிறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அவரு தமிழ்ப் பழமொழியாப் பொறுக்கிச் சேர்த்தாரு. 1874ல வந்த தொகுப்புல ஆறாயிரத்துக்கு மேல இருக்கு. ஆறாயிரம் பழமொழி காதுல விழணும்னா எத்தனை பேரு பேச்சைக் குறுக்கே பேசாமக் கேட்டிருக்கணும், எண்ணிப் பாரு. அவரும் பாதிரியாராத்தான் இருந்தாரு. நீ மேலத்தெருப் பெரியவருகிட்ட இருந்து ஒரு பழமொழியாச்சும் வாங்கியிருக்கியா? அவரு வாசல்ல ஏன் ஆடி மாசம் வேப்பிலை கட்டுறாருன்னு உனக்குத் தெரியுமா? அவருகிட்டயே கேளு. கேட்டதை அவருக்கே திருப்பிச் சொல்லு. "ஆமாப்பா, அப்படித்தான்"னு அவரு வாயால வந்த பிறகு, உன் பக்கத்தை அவரே கேப்பாரு. கேக்கலைன்னாலும் உனக்கு ஒரு டீ லாபம்.

கடைசியா ஒரு பரீட்சை. கிறிஸ்துமசுக்கு உங்க ஆத்தா கேக்கு வெட்டித் தெருவுக்கே கொடுத்தனுப்புவா. கார்த்திகை ஒண்ணுல சபரிமலைக்கு மாலை போட்டவுக, டிசம்பர் கடைசி வரைக்கும் விரதத்துல இருப்பாக. எதுத்த வீட்டுச் சாமி உன் கேக்கைப் பார்த்துட்டு, "முட்டை போட்டிருக்கும்ல தம்பி, எனக்கு விரதம்"பாரு. அப்ப உன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பார்க்க நான் இந்தத் திண்ணையிலதான் இருப்பேன். பொரியை வேண்டாம்னு சொல்ல உனக்கு இருக்குற உரிமை, கேக்கை வேண்டாம்னு சொல்ல அவருக்கும் இருக்கு. நீ முந்தியே யோசிச்சு, அவருக்குன்னு ஒரு சீப்பு வாழைப்பழம் தனியா எடுத்துட்டுப் போயிருந்தேன்னா பாஸ். பழத்துக்குக் காசு என்கிட்டக் கேக்காதே, போனசுக் கவருல இருக்கும்.