'ஒரு சின்ன பார்சல்': தோஹா அறைகளில் விடைபெறும் சடங்கு குறித்த எடையியல் ஆய்வு

ஸ்பிரிங்வெளியிலிருந்து கட்டார் போய், ஆறு வருசம் உழைத்து, லயத்துக்குத் திரும்பும் ஒருவர் அறை நண்பர்களிடம் எப்படி விடைபெறுகிறார்? இதுவரை ஆய்ந்த பேராசிரியர்கள் அந்நியச் செலாவணியைப் பார்த்தார்கள், அட்டைப்பெட்டியைப் பார்க்கவில்லை. அவர்களுடைய மாநாட்டுப் பைகளை யாரும் நிறுப்பதில்லை போலும்.

விடைபெறல் மூவகை. முதலாவது கண்ணீர், சுருக்கமானது.

இரண்டாவது கணக்கு. கட்டார் சட்டப்படி வேலை செய்த ஒவ்வொரு வருசத்துக்கும் குறைந்தது மூன்று வார அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாக உண்டு. ஆறு வருசத்துக்குப் பதினெட்டு வாரம். சாப்பாட்டுப் படி, ஓவர்டைம் எதுவும் இதில் சேராது. போகிறவர் இதைக் கணக்குப் பார்க்குமுன் கடன் கேட்பவர் பார்த்து முடித்திருப்பார் (பார்க்க: குளியலறைக் கதவு, உட்புறம், கிறுக்கல் 3).

மூன்றாவதே பார்சல். "அண்ணே, கனமே இல்ல, அம்மாவுக்கு ஒரு சின்ன பார்சல்." எல்லோரும் அரைக் கிலோ என்பார்கள். தராசு ஒரு கிலோ என்னும்.

உதாரணத்துக்கு, விமானத்தில் அனுமதி 30 கிலோ என்று வைப்போம். வெறும் பெட்டி, டேப், கயிறு சேர்த்து ஒன்றரை. கம்பளி, பால்மா டின், சவர்க்காரம் எனச் சொந்தச் சாமான் 25. மிச்சம் மூன்றரை. எட்டு நண்பர்களின் எட்டு கிலோ ஏறியதும் பெட்டி 34.5 ஆகிறது. காசு கட்டியாவது ஏற்றலாம் என்றால் அதுவும் முடியாது. ஒரே பொதி 32 கிலோவைத் தாண்டினால், தூக்குகிறவரின் இடுப்பை நினைத்து விமான நிறுவனங்கள் பொதுவாக ஏற்பதில்லை. ஆகவே வெளியே வருவது சொந்தப் பால்மா டின் இரண்டரைக் கிலோவும், சொந்தச் சப்பாத்து இரண்டு கிலோவும். நண்பனின் பார்சல் வெளியே வந்ததாக எந்தச் சுவடியிலும் சான்றில்லை.

நிறுக்கும் முறை: பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி தராசில் ஏறு, பின் வெறுமனே ஏறு, கழி. தராசு கார்ப்பெட்டில் இருந்தால் எண் பொய் சொல்லும். டைல்ஸில் வை, இருமுறை ஏறி ஒரே எண் வந்தால் நம்பு. இதற்கான மூலம் பிரியாணிப் பெட்டி மூடி ஒன்றில், எண்ணெய்க் கறைக்குக் கீழே உள்ளது. கறைக்கு மேலே பாடபேதம் உண்டு. இரண்டையும் ஒப்புநோக்கிய அறிஞர் கறையே ஆதி பாடம் என்று நிறுவி, அதற்கு உரையும் எழுதிவருகிறார்.

பெட்டி பதுளை பஸ்ஸில் ஏறி ஊர் சேர்ந்ததும் கள ஆய்வு. பசறையில் ஒன்று, ஹாலிஎலவில் ஒன்று என்று சுமந்து கொடுக்க வேண்டும். பிரித்துப் பார்க்கும் அம்மா கேட்பார்:

"ஏன் தம்பி, எம் மகன் இவ்வளவு தானா குடுத்து விட்டான்?"


கேள்வி மகனைப் பற்றியதல்ல.