ஈடு மீட்கும் படலம்

வங்கியில் வீட்டுக்கடன் எடுத்தவர் தவணைக்காலம் முடியுமுன்னரே மொத்தத்தையும் கட்டி, காணி உறுதியையும் கடன் தீர்ந்ததற்கான சான்றுக் கடிதத்தையும் வாங்கி வருவதை ஒரு வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது மூன்று வேலை. கணக்கில் கடன் தீர வேண்டும்; காணிப் பதிவகத்து ஏட்டில் ஈடு நீங்க வேண்டும்; பெட்டகத்தில் கிடக்கும் உறுதி கைக்கு வர வேண்டும். முதலாவது அன்றைக்கே முடிந்துவிடும், ஏனென்றால் அதில் காசு வங்கிக்குள் போகிறது. மற்ற இரண்டும் வங்கியிலிருந்து வெளியே வரவேண்டிய விஷயங்கள். அவை ஆறுதலாகத்தான் வரும்.

கடனை முன்கூட்டி அடைக்க வன்னியில் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை காசு அனுப்புவது. மற்றது, வட்டிப் பயம். 2022 ஏப்ரலில் இலங்கை மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே அறிவிப்பில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. மாறும் வட்டியில் கடன் வைத்திருந்தவர்களுக்கு அதற்குப் பிறகு வங்கியிலிருந்து வரும் எந்தக் கடித உறையையும் திறக்க மனம் வருவதில்லை.

விசுவமடுவில் இளைப்பாறிய கணித ஆசிரியர் ஒருவரை உதாரணத்துக்கு எடுப்போம். பத்து வருடத்துக்கு 12 சதவீத வட்டியில் 20 இலட்சம் ரூபாய் கடன். மாதத் தவணை 28,694 ரூபாய். நான்கு வருடம் ஒரு தவணையும் பிந்தாமல் கட்டியிருக்கிறார். கட்டிய காசு 13 இலட்சத்து 77 ஆயிரம். கொப்பியின் பின்பக்கத்தில் கழித்துப் பார்க்கிறார்: இன்னும் ஆறே கால் இலட்சம்தான். மகன் அனுப்பிய காசில் மிச்சத்துக்கு மதில் கட்டலாம் என்று மேசனிடமும் சொல்லிவிடுகிறார்.

வங்கி கொடுக்கும் துண்டில் நிற்பது 14 இலட்சத்து 67 ஆயிரத்து 700 ரூபாய். இதில் மோசடி எதுவும் இல்லை. தொடக்ககாலத் தவணைகளில் பெரும் பங்கு வட்டிக்கே போகும். முதல் மாதத்தில் 20,000 ரூபாய் வட்டி, 8,694 ரூபாய்தான் முதல். நான்கு வருடத்தில் முதல் குறைந்தது 5 இலட்சத்து 32 ஆயிரம்; மீதி 8 இலட்சத்து 45 ஆயிரமும் வட்டி. முப்பது வருடம் கூட்டுவட்டி படிப்பித்தவருக்கும் தன்னுடைய கடன் என்று வந்தால் கழித்தல் கணக்குத்தான் முதலில் ஞாபகம் வருகிறது. மதில் வேலி ஆகிறது.

ஆனாலும் அடைப்பதில் இலாபம் உண்டு. மிச்சம் 72 தவணையையும் கட்டியிருந்தால் ஏறக்குறைய 5 இலட்சத்து 98 ஆயிரம் வட்டியாகப் போயிருக்கும். அதிலிருந்து முன்கூட்டி அடைப்பதற்கான கட்டணத்தைக் கழிக்க வேண்டும். எத்தனை சதவீதம் என்பது கடன் எடுத்த அன்று கையெழுத்திட்ட கடன் வழங்கற் கடிதத்தில் இருக்கும். அந்தக் கடிதத்தை எவரும் வாசிப்பதில்லை. கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்திருப்பார்கள், கண் அங்கேதான் போகும். கட்டணம் 3 சதவீதம் என்றிருந்தால் ஆசிரியருக்கு 44 ஆயிரம் ரூபாய். கடிதத்தில் அப்படி ஒரு வாசகமே இல்லையென்றால், எந்த அடிப்படையில் கேட்கிறீர்கள் என்று எழுத்தில் கேட்கலாம். எழுத்தில் கேட்ட கேள்விக்குக் கிளையில் தனி மரியாதை உண்டு.

முதற்படி, முகாமையாளருக்கு ஒரு கடிதம். கடன் இலக்கம், அடையாள அட்டை இலக்கம், எந்தத் திகதியில் முழுவதையும் கட்ட உத்தேசம், அந்தத் திகதிக்கு எவ்வளவு, கட்டணம் எவ்வளவு, ஆவணங்கள் எப்போது கிடைக்கும் என்ற கேள்விகள். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லிவிட்டு வந்தவருடைய விண்ணப்பம் அந்த உத்தியோகத்தர் இடமாற்றம் போகும் நாளில் அவரோடேயே போய்விடும்.

வங்கி சொல்லும் தொகைக்கு ஆயுள் ஒரு நாள்தான். ஆசிரியருடைய நிலுவைக்கு ஒரு நாள் வட்டி ஏறத்தாழ 482 ரூபாய். வெள்ளிக்கிழமைக்கென்று கொடுத்த தொகையைத் திங்கட்கிழமை கட்டினால் 1,450 ரூபாய் குறையும். அந்தக் குறையோடு கடன் மூடாது. சிறிய நிலுவையாகக் கணக்கில் கிடந்து, தனக்குத் தானே வட்டியும் தண்டப்பணமும் சேர்த்து வளரும். சம்பளக் கணக்கிலிருந்து தவணையை வெட்டும் நிலையான கட்டளை இருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லிக் கடிதம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தீர்ந்த கடனுக்கும் அடுத்த மாதம் தவணை போகும். ஆகவே கட்டும் நாளில் காலையில் தொகையைத் திரும்பவும் உறுதிசெய்து, கட்டி ஓரிரு நாள் கழித்துக் கணக்குக்கூற்றை எடுத்து, கடைசி வரியில் பூச்சியம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். வாழ்க்கையில் பூச்சியத்தைக் கண்டு சந்தோஷப்படும் அரிய சந்தர்ப்பம் அது.

இனிச் சான்றுக் கடிதம். சில கிளைகளில் இது இரண்டே வரியில் வரும்: மேற்படி வாடிக்கையாளரின் கடன் தீர்க்கப்பட்டுள்ளது. மேற்படி என்று சொல்ல மேலே ஒன்றும் இருக்காது. உருப்படியான கடிதத்தில் கடன் இலக்கம், முழுத் தொகையும் கட்டிய திகதி, நிலுவை இல்லை என்ற வாசகம், ஈட்டு உறுதியின் இலக்கமும் திகதியும், அதை எழுதிய நொத்தாரிசின் பெயர், பிணை நின்றவர்களும் விடுவிக்கப்பட்டார்கள் என்ற வரி எல்லாம் இருக்கும். பிணை வரியை எவரும் கேட்பதில்லை. பிணை நின்ற சகலன் தான் கடன் எடுக்கப் போகும்போதுதான் அது ஞாபகத்துக்கு வரும், அதுவும் சகலனுக்கு.

இந்தக் கடிதத்தோடு அலுவல் முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய பிழை. வீட்டுக்கடனுக்கான ஈடு நொத்தாரிசு முன் எழுதப்பட்டு, 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி காணிப் பதிவகத்தில் அந்தக் காணிக்குரிய ஏட்டுப் பக்கத்தில் பதியப்பட்டது. கடன் தீர்ந்த செய்தி அந்த ஏட்டுக்குத் தானாகத் தெரியாது. வங்கி ஈட்டை விடுவிப்பதாக நொத்தாரிசு முன் எழுதிக் கொடுத்து, அந்த விடுவிப்பும் அதே பக்கத்தில் பதிவாக வேண்டும். வழக்கமாக வங்கியின் சட்டத்தரணி இதை எழுதுவார், செலவு கடனாளியுடையது.

பதியாமல் விட்டால் உடனே ஒன்றும் நடக்காது, அதுதான் இதிலுள்ள பொல்லாப்பு. வருடங்கள் கழித்து மகளுக்குச் சீதன உறுதி எழுதப் போகும்போது நொத்தாரிசு ஏட்டைத் தேடுவார். ஈடு அங்கே அப்படியே இருக்கும். கலியாண நாள் குறித்தாயிற்று, மண்டபத்துக்கு முற்பணமும் கொடுத்தாயிற்று. கடனை மூடிய முகாமையாளர் எந்த ஊரிலோ. கிளைக்குப் போய் ஆதியிலிருந்து கதையைச் சொல்ல வேண்டும், அதுவும் கடன் எடுத்த காலத்தில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ஒரு பிள்ளையிடம்.

விசுவமடு போன்ற குடியேற்றப் பகுதிகளில் இன்னொரு சுற்றும் உண்டு. இங்குள்ள பல காணிகள் பரம்பரை உறுதிக் காணிகள் அல்ல. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரமாகவோ அளிப்புப் பத்திரமாகவோ கிடைத்தவை. அளிப்புக் காணியை ஈடு வைப்பதற்கு அரச சம்மதம் தேவைப்பட்டிருக்கும். அந்தக் கோப்பு பிரதேச செயலகத்தில் இருக்கும். ஈடு நீங்கியதும் விடுவிப்பின் பிரதியொன்றை அங்கேயும் கொடுத்து முத்திரை வாங்குவது நல்லது. பின்னுரிமையாளர் பெயரை மாற்றப் போகிற அன்று இந்தத் தாள் நேரத்தை மிச்சப்படுத்தும்.

கடைசியில் உறுதி. சின்னக் கிளைகள் மூல உறுதிகளைத் தங்களிடம் வைத்திருப்பதில்லை. பிராந்திய அலுவலகத்துக்கோ கொழும்புக்கோ அனுப்பிவிடுவதும் உண்டு. விசாரிக்கப் போனால் பதில் ஏறக்குறைய இப்படி இருக்கும்.

"உறுதி கொழும்பில இருக்கு சேர். ஒரு கிழமையில வந்திடும்."

"போன கிழமையும் ஒரு கிழமை எண்டுதானே பிள்ளை சொன்னனீர்?"

"அது போன கிழமை சேர்."

வந்ததும் உறையோடு வாங்கிக்கொண்டு பஸ் பிடிக்க ஓடக்கூடாது. கடன் எடுத்தபோது கொடுத்தவற்றுக்கு வங்கி ஒரு பட்டியல் தந்திருக்கும்; அதை வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மூல உறுதி, அதற்கு முந்திய உறுதிகள், நில அளவையாளரின் படம், பிரதேச சபை அனுமதித்த கட்டட வரைபடம், வங்கியின் பேருக்கு மாற்றி எழுதிய காப்புறுதிப் பத்திரம். உறுதியில் அட்டவணைப் பக்கம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்; கையெழுத்து மூலமா நிழற்பிரதியா என்பதை மையைப் பார்த்தே கண்டுகொள்ளலாம். பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து வைப்பது இதெல்லாம் முடிந்த பிறகு.

ஏதாவது தொலைந்திருந்தால் தலையில் கை வைக்கத் தேவையில்லை. 2009இல் பெட்டியோடு உறுதிகளை இழந்த ஊருக்கு இது தெரியும். நொத்தாரிசு எழுதும் உறுதிக்கு மூலம் உரியவரிடமும், இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்திலும், மூன்றாவது நொத்தாரிசின் கோவையிலும் இருக்க வேண்டும். பதிவகத்தில் உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். தொலைத்தது வங்கி என்றால், தொலைந்தது என்று வங்கியே எழுதித் தர வேண்டும். செலவையும் அதனிடமே கேட்கலாம்.

தாமதம் என்பது இங்கு மட்டும் உள்ள வியாதியல்ல. இந்திய ரிசர்வ் வங்கி 2023 செப்டெம்பரில் போட்ட உத்தரவுப்படி, அங்கே தனியார் ஒருவரின் கடன் முழுவதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் மூல ஆவணங்களைத் திருப்பிக் கொடுத்து, பதிந்த பொறுப்பையும் நீக்க வேண்டும். தாமதம் கடன் கொடுத்தவரின் தவறால் என்றால் நாளொன்றுக்கு 5,000 இந்திய ரூபாய் நட்டஈடு. அதைக் கேள்விப்பட்டால் ஆசிரியர் கொப்பியை எடுத்து, கொழும்பிலிருந்து உறுதி வந்து சேர்ந்த நாட்களை 5,000 ஆல் பெருக்கிப் பார்ப்பார். மதிலும் கட்டி வாயிலுக்கு இரும்புப் படலையும் போடலாம் போலிருக்கும்.

கிளையில் பதில் வராவிட்டால் முதலில் வங்கியின் தலைமை அலுவலக முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுத வேண்டும். அதிலும் தீராவிட்டால் இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் இருக்கிறது; தொலைபேசி இலக்கம் 1935. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் ஆண்டும் அதே என்பதால் விசுவமடுக்காரருக்கு மறக்காது. அழைக்கும்போது கடன் இலக்கம், காசு கட்டிய பற்றுச்சீட்டு, திகதி முத்திரை குத்திய அந்த முதல் கடிதத்தின் பிரதி மூன்றும் கையில் இருக்கட்டும்.